இருமொழி எல்லையில் ஒரு நூலகச் சோதனை: இறுதியாண்டு ஆய்வறிக்கையின் அமைப்பு

நூலக மேலாண்மை மென்பொருள் ஒன்றைச் சோதித்து, அச்சோதனையையே இறுதியாண்டு ஆய்வாகச் சமர்ப்பிக்கும் மாணவர் பலர். அவர்களுடைய அறிக்கைகளிற் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் அமைந்திருக்கும். மென்பொருளின் வரலாறு இருபது பக்கம், திரைப்படங்களின் நகல் முப்பது பக்கம், இறுதியில் ‘எல்லாச் சோதனைகளும் வெற்றி’ என்னும் ஓர் அட்டவணை. இத்தகைய அறிக்கையால் நூலகத்திற்கும் பயனில்லை. அடுத்த ஆண்டு அதே பொருளை எடுத்துக்கொள்ளும் மாணவருக்கும் பயனில்லை. அறிக்கையின் அமைப்பு எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதை, நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடிக் கிராமங்களைக் களமாக வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

இக்களத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே ஓடுகிறது. மக்களின் பேச்சோ அக்கோட்டைப் பொருட்படுத்தாமல் இருபுறமும் கலந்திருக்கிறது. கேரளக் கிராமங்களில் நூலகம் என்பது புதிய நிறுவனமன்று. பி. என். பணிக்கர் 1945-இல் நாற்பத்தேழு நூலகங்களை ஒன்றுகூட்டித் தொடங்கிய திருவிதாங்கூர்க் கிரந்தசாலைச் சங்கத்தின் வழிவந்த வாசகசாலைகள் ஊர்தோறும் உள்ளன. 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவை மாநில நூலகக் கவுன்சிலின் கீழ் இயங்குகின்றன. எல்லையோர வாசகசாலை ஒன்றின் அலமாரியில் மலையாள நூல், தமிழ் நூல், ஆங்கில நூல் மூன்றும் அடுத்தடுத்து நிற்பது இயல்பு. மூன்று எழுத்து முறைகளையும் ஒரே பட்டியலில் ஏற்றும்போதுதான் மென்பொருளின் உண்மையான வலிமையும் குறையும் புலப்படும். ஒரே மொழி நூல்களை மட்டும் வைத்துச் சோதித்தால் அவை மறைந்தே நிற்கும்.

சோதனைக்குரிய மென்பொருள் ‘கோஹா’ எனக் கொள்வோம். நியூசிலாந்து நாட்டில் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999-இல் உருவாக்கப்பட்டு, 2000 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது இது. அறக்கட்டளையின் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டின் தேதியைத் தாங்காது என்ற அச்சமே புதியதொன்றைச் செய்யத் தூண்டியது. மாவோரி மொழியில் ‘கோஹா’ என்பதற்குப் ‘பரிசு’ என்பது பொருள். மூல நிரல் யாவர்க்கும் திறந்திருப்பதால், கட்டணமின்றி நிறுவிச் சோதிக்கலாம். அறிக்கையில் இவ்வரலாறு அரைப் பக்கத்தை மிகவேண்டியதில்லை.

முதல் அத்தியாயம்: சிக்கலைச் சொல்லுதல்

‘இன்ன மென்பொருளைச் சோதிப்பது இவ்வாய்வின் நோக்கம்’ என்று தொடங்குவது பொதுவழக்கு. இது நோக்கமன்று, செயலின் பெயர் மட்டுமே. நோக்கம் ஒரு கேள்வியாக இருத்தல் வேண்டும். ‘தமிழிலும் மலையாளத்திலும் உள்ள நூலின் பெயரை வாசகர் எவ்விசைப்பலகையில் தட்டச்சுச் செய்தாலும் மென்பொருள் அந்நூலைக் காட்டுகிறதா?’ என்பது ஒரு கேள்வி. ‘நூலகத்தின் கடன்விதி கூறும் தவணை நாளையே மென்பொருளும் கணிக்கிறதா?’ என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டு கேள்விகளும் ஓராண்டு ஆய்வுக்குப் போதும். உறுப்பினர் சேர்க்கை, நூல் வாங்குதல், பருவ இதழ்ப் பதிவு, அறிக்கை அச்சிடல் என அனைத்தையும் ஒருசேரத் தொட்டுச் செல்லும் மாணவர் எதையும் ஆழ்ந்து சோதிக்க இயலாது.

இவ்வத்தியாயம் மூன்று பக்கம் போதும். வழிகாட்டி ஆசிரியர் இதை முதலில் எழுதுவித்து, ஆய்வு முடிந்தபின் மீண்டும் திருத்துவித்தல் நலம்; தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கும் முடிவில் கிடைத்த விடைக்கும் பொருத்தம் இல்லாமற் போவதே மாணவர் அறிக்கைகளில் அடிக்கடி காணும் குறை.

இரண்டாம் அத்தியாயம்: நூலகமும் அதன் ஏடுகளும்

மென்பொருள் சரியாக இயங்குகிறதா என்பதை எதைக்கொண்டு அளப்பது? மென்பொருளையே அளவுகோலாகக் கொண்டால் அது என்றும் சரியாகவே இருக்கும். ஆகவே, எதிர்பார்க்கும் விடை மென்பொருளுக்கு வெளியிலிருந்து வரவேண்டும். நூலகத்தின் சேர்க்கைப் பதிவேடும் கடன்விதியும் நூலகர் கையாளும் நடைமுறையுமே அவ்வெளி அளவுகோல்கள். மாணவர் கணிப்பொறியைத் தொடுமுன் இவற்றை எழுதிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு தடை எதிர்ப்படும். கிராம வாசகசாலைகளில் விதி பெரும்பாலும் வாய்மொழியாகவே இருக்கும். ‘பதினான்கு நாள் கடன்; பிந்தினால் நாளொன்றுக்கு ஒரு ரூபாய்’ என்று நூலகர் கூறுவார். பதினான்காம் நாள் விடுமுறையாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், ‘அடுத்த நாள் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வோம்’ என்பார். இடையில் வரும் வாராந்திர விடுமுறைகள் கணக்கில் சேருமா என்று கேட்டால் சற்றே தயங்குவார். அதுவரை யாரும் அவரை அவ்வாறு கேட்டதில்லை. இத்தயக்கத்தை மாணவர் அப்படியே குறித்தல் வேண்டும். நூலகர் இறுதியில் எந்த விடையை உறுதி செய்கிறாரோ அதைத் தேதியிட்டு எழுதி, அவரது ஒப்புதலையும் பெற்று, பின்னிணைப்பில் சேர்க்கவேண்டும். மென்பொருளைப் பற்றிய ஆய்வில் இஃது ஒரு சிறு தாள்தான். ஆயினும் பின்வரும் சோதனைகளிற் பாதி இத்தாளின்மேல்தான் நிற்கின்றன.

கடன் பதிவேட்டைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. யார் எந்நூலை எடுத்துச் சென்றார் என்பது வாசகரின் சொந்தச் செய்தி. உண்மையான கடன் பதிவுகளை மாணவர் கணிப்பொறியில் ஏற்றுதல் கூடாது. கற்பனைப் பெயர்களில் பத்துப் பன்னிரண்டு உறுப்பினர்களை உருவாக்கிக்கொண்டால் சோதனைக்குப் போதும்.

மூன்றாம் அத்தியாயம்: நிறுவல்

இவ்வத்தியாயத்தின் பயன் ஒன்றே: வேறொருவர் இதே சோதனையைத் திரும்பச் செய்ய இயலவேண்டும். மென்பொருளின் பதிப்பு எண், இயக்க முறைமையின் பெயரும் பதிப்பும், தேடலுக்குப் பயன்படும் பொறி எது, மாற்றிய அமைப்புகள் எவை என்பவற்றைக் குறித்தல் வேண்டும். தொடக்கநிலையில் இருந்தபடியே விட்ட அமைப்புகளையும், சோதனைக்குத் தொடர்புடையனவாயின், குறிக்கவேண்டும்.

கோஹாவில் தேடலை நெடுங்காலமாகச் செய்துவருவது ‘ஸீப்ரா’ என்னும் பொறி. இதற்கு எழுத்துகளை அட்டவணைப்படுத்தும் வழிகள் இரண்டு உண்டு. முதலாவது, உரோமன் எழுத்தை மனத்திற்கொண்டு வகுத்த ஓர் எழுத்துப் பட்டியலைப் பின்பற்றுவது. இரண்டாவது, உலக எழுத்துகள் அனைத்திற்கும் உரிய ஐ.சி.யு. என்னும் நிரல் தொகுப்பைப் பின்பற்றுவது. இந்திய மொழி நூல்களுக்கு இரண்டாவதே ஏற்றது. `default.idx` என்னும் கோப்பில் இவ்விரண்டில் எது நடைமுறையில் உள்ளது என்பதைக் காணலாம்:

```
charmap word-phrase-utf.chr
icuchain words-icu.xml
```

முதல் வரி இருக்குமிடத்தில் இரண்டாம் வரியை இட்டபின், அட்டவணை முழுவதையும் புதிதாக அமைத்தல் வேண்டும். நூலகத்தின் பெயர் `library` என நிறுவப்பட்டிருந்தால் கட்டளை இது:

```
sudo koha-rebuild-zebra -f -v library
```

இவ்வமைப்பை மாற்றுமுன் ஒரு முறையும், மாற்றியபின் ஒரு முறையும் ஒரே சோதனையை நடத்தி, இரு முடிவுகளையும் அடுத்தடுத்த நிரல்களில் தருவது அறிக்கைக்கு மிகுந்த பயன் சேர்க்கும். மாற்றத்தை மட்டும் சொல்லி, முந்தைய நிலையைச் சொல்லாவிட்டால், மாற்றம் தேவைதானா என்பது படிப்பவர்க்கு விளங்காது.

நான்காம் அத்தியாயம்: தேடற் சோதனை

அறிக்கையின் நடுவுயிர் இது. இங்கே ஒரு சான்றை விரிவாகக் காண்போம்.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’, ‘தோட்டியின் மகன்’ ஆகிய இரண்டு நாவல்களும் மலையாளத்தில் எழுதப்பட்டவை. நாகர்கோயிலைச் சேர்ந்த சுந்தர ராமசாமி இவ்விரண்டையும் தமிழாக்கினார். எல்லையோர நூலகத்திற்கு இவற்றினும் பொருத்தமான சோதனைப் பொருள் கிடைப்பது அரிது. ஒரே ஆசிரியர், இரண்டு நாவல்கள், இரண்டு மொழிகள். ஆக நான்கு பதிவுகள்.

மாணவர் நான்கையும் பட்டியலில் ஏற்றுகிறார். பின்னர்த் தேடற்பெட்டியில் ‘தோட்டியின்’ என்று தட்டச்சுச் செய்கிறார். நூல் திரையில் தோன்றுகிறது. ‘வெற்றி’ என்று குறிக்கிறார். இச்சோதனை எதை நிறுவியது? ஒன்றையும் நிறுவவில்லை எனலாம். பதிவை ஏற்றியவரும் தேடியவரும் ஒருவரே, இசைப்பலகையும் ஒன்றே. ஒரே கை இருமுறை எழுதியதை இயந்திரம் ஒன்றெனக் கண்டது, அவ்வளவே.

குறை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அறியத் ‘தோ’ என்னும் எழுத்தை உற்று நோக்குதல் வேண்டும். காகிதத்தில் இஃது ஓரெழுத்து. கணிப்பொறியின் யூனிக்கோடு முறையிலோ இதை இருவகையில் எழுதலாம். தகர மெய்க்குப்பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடலாம். அல்லது ஏகாரக் குறி, கால் என இரண்டு குறியீடுகளாக இடலாம்.

```
U+0BA4 U+0BCB
U+0BA4 U+0BC7 U+0BBE
```

திரையிலும் அச்சிலும் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கண்ணால் வேறுபடுத்த இயலாது. இன்றைய இசைப்பலகைகள் பெரும்பாலும் முதல் வகையையே தருகின்றன. பழைய எழுத்துருக்களில் தட்டச்சான பட்டியல்களை யூனிக்கோடாக மாற்றும் கருவிகள் சில, கொம்பையும் காலையும் தனித்தனியே மாற்றி இரண்டாம் வகையைத் தந்துவிடுகின்றன. எனவே, நூலகம் முன்னரே வைத்திருந்த பட்டியலை மாற்றி ஏற்றும்போது இச்சிக்கல் நுழைகிறது. வாசகர் தேடுகிறார், நூல் அலமாரியில் இருக்கிறது, பட்டியலிலும் இருக்கிறது, ஆனால் திரை ‘இல்லை’ என்கிறது.

இவ்விரு வடிவங்களையும் சமமானவை என யூனிக்கோடு தரநிலையே வகுத்துள்ளது. ‘இயல்பாக்கம்’ என்னும் செயலால் இரண்டையும் ஒரே வடிவிற்குக் கொணரலாம். மென்பொருள் இதனைச் செய்கிறதா இல்லையா என்பதே சோதனைக்குரிய கேள்வி. மலையாளத்தில் நிலைமை இன்னும் கடினமானது. ‘செம்மீன்’ என்னும் சொல்லின் இறுதி னகரத்தை மலையாளத்தார் ‘சில்லு’ என்னும் தனி எழுத்தால் எழுதுவர். 2008-இல் வெளிவந்த யூனிக்கோடு 5.1 பதிப்பில்தான் சில்லெழுத்துகள் தனிக் குறியீடு பெற்றன. அதற்கு முன்னர் அவ்வெழுத்தை மெய், புள்ளிக்கு நிகரான சந்திரக்கலை, கட்புலனாகாத ஓர் இணைப்புக் குறி என மூன்று குறியீடுகளால் எழுதினர். பழைய பதிவுகள் அவ்வாறே நிற்கின்றன. தமிழ் ஓகாரத்திற்குக் கிடைத்த சமநிலை இவற்றுக்குத் தரநிலையில் வழங்கப்படவில்லை. ஆகவே, இயல்பாக்கம் செய்தாலும் இரண்டும் இரண்டாகவே இருக்கும். கீழ்க்காணும் சிறு நிரல் இவ்வேறுபாட்டைக் காட்டும்:

```python
import unicodedata as u
def same(a, b):
    n = lambda s: u.normalize("NFC", s)
    return a == b, n(a) == n(b)
print(same("\u0BA4\u0BCB", "\u0BA4\u0BC7\u0BBE"))
print(same("\u0D7B", "\u0D28\u0D4D\u200D"))
```

முதல் வரிக்கு `(False, True)` என்றும், இரண்டாம் வரிக்கு `(False, False)` என்றும் விடை வரும். அதாவது, தமிழ்ச் சொல்லுக்குப் பொதுவான இயல்பாக்கம் போதும்; மலையாளச் சில்லுக்கோ, மூன்று குறியீட்டு வடிவத்தை ஒற்றைக் குறியீடாக மாற்றும் தனிவிதி ஒன்றைச் சேர்த்தாலன்றித் தீர்வில்லை. ‘செம்மீன்’ மலையாளப் பதிப்பை ஒருவர் பழைய முறையில் ஏற்றியிருக்க, மற்றொருவர் கைபேசியில் புதிய முறையில் தட்டித் தேடினால் நூல் அகப்படாமற் போவதற்கு இடமுண்டு. இந்நிரலும் விடையும் அறிக்கையில் இடம்பெற்றால், குறை எங்கிருந்து வந்தது என்பது ஐயமின்றி விளங்கும்.

இதிலிருந்து சோதனையின் அமைப்பு தானே பிறக்கிறது. ஒவ்வொரு நூற்பெயரையும் இருவடிவிலும் பதிவு செய்து, இருவடிவிலும் தேடவேண்டும். ஒரு பெயருக்கு நான்கு சோதனைகள். வடிவங்களை நம்பிக்கையோடு உண்டாக்க, இசைப்பலகையை நம்பாமல் மேற்காட்டிய குறியீட்டெண்களைக் கொண்டே சொற்களை ஆக்கி, நகலெடுத்து ஒட்டுதல் வேண்டும்.

எதிர்ச்சோதனையும் வேண்டும். வரவேண்டிய நூல் வருகிறதா என்று மட்டும் பார்ப்பவர், வரக்கூடாத நூலும் வருகிறது என்பதைக் காணமாட்டார். சில தேடற்பொறிகளில், பிரெஞ்சு முதலிய மொழிகளில் எழுத்தின்மேல் இடும் குறிகளைப் புறக்கணிப்பதற்காக, ‘தனியிடம் கொள்ளாத குறி’ என்னும் வகை முழுவதையும் நீக்கிவிடும் விதி உண்டு. தமிழின் புள்ளியும் ஈகாரக் குறியும் யூனிக்கோடு முறையில் இவ்வகையிலேயே அடங்குகின்றன. அவ்விதி நடைமுறையில் இருந்தால் ‘பல்’ என்னும் சொல்லும் ‘பல’ என்னும் சொல்லும் ஒன்றாகிவிடும். பல் மருத்துவ நூலைத் தேடியவருக்குப் ‘பல’ என்று தொடங்கும் பெயர்களெல்லாம் வந்து குவியும். புள்ளியால் மட்டும் வேறுபடும் இத்தகைய இணைச்சொற்கள் ஐந்தாறையேனும் சோதனையில் சேர்த்தல் இன்றியமையாதது. உரோமன் எழுத்தில் பயின்ற சோதனை நூல்கள் இதனை நினைவூட்டுவதில்லை.

முடிவை எண்ணால் கூறும் முறையையும் ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். ஒரு தேடலுக்கு வரவேண்டிய நூல்கள் 20 எனச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து மாணவர் முன்னரே எண்ணி வைத்துள்ளார். திரையில் 19 நூல்கள் வருகின்றன. அவற்றுள் 17 உரியவை, 2 உரியனவல்ல. வரவேண்டியவற்றுள் வந்தவை 17/20, அதாவது நூற்றுக்கு 85. வந்தவற்றுள் உரியவை 17/19, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 89. முதலாவதை ‘மீட்பு’ என்றும், இரண்டாவதைத் ‘துல்லியம்’ என்றும் நூலகவியலார் கூறுவர். இரண்டையும் தருவதோடு நில்லாமல், தவறிய 3 நூல்களும் மிகுந்த 2 நூல்களும் எவை என்பதைச் சேர்க்கை எண்ணுடன் குறிக்கவேண்டும். விழுக்காட்டைப் பார்த்து எவரும் குறையைத் திருத்த இயலாது; அந்த ஐந்து பதிவுகளைப் பார்த்தே திருத்த இயலும்.

ஐந்தாம் அத்தியாயம்: தவணை நாட் சோதனை

இரண்டாம் அத்தியாயத்தில் நூலகரிடம் பெற்ற விதி இங்கே பயன்படுகிறது. கோஹாவில் `useDaysMode` என்னும் அமைப்பு, விடுமுறை நாட்களைத் தவணைக் கணக்கில் எவ்வாறு கொள்வது என்பதை முடிவு செய்கிறது. இதன் தெரிவுகளுள் மூன்றை மட்டும் இங்குக் காண்போம்.

2024 ஜூன் 3, திங்கட்கிழமை ஒருவர் 14 நாள் தவணையில் நூல் எடுத்ததாகக் கொள்வோம். நூலகத்திற்கு வியாழன்தோறும் விடுமுறை. ஜூன் 17, திங்கள், பக்ரீத், அன்றும் விடுமுறை. `Days` என்னும் தெரிவில் மென்பொருள் விடுமுறையைக் கருதாது 14 நாட்களைக் கூட்டி, ஜூன் 17 என்று தரும். அன்று நூலகம் மூடியிருக்கும். `Datedue` என்னும் தெரிவில், கூட்டி வந்த நாள் விடுமுறையாக இருப்பதால் அதை அடுத்த வேலை நாளுக்குத் தள்ளி, ஜூன் 18 என்று தரும். `Calendar` என்னும் தெரிவில், திறந்திருக்கும் நாட்களை மட்டுமே எண்ணும். 6, 13 ஆகிய வியாழன்களும் 17-ஆம் நாளும் நீங்க, 19-ஆம் நாள் பதின்மூன்றாவது வேலை நாள் ஆகிறது. 20 மீண்டும் வியாழன். ஆகவே தவணை ஜூன் 21.

ஒரே கடனுக்கு மூன்று நாட்கள். வாசகர் 19-ஆம் நாள் நூலைத் திருப்பித் தருகிறார் எனில், நாளொன்றுக்கு ஒரு ரூபாய் வீதம், முதல் தெரிவில் இரண்டு ரூபாயும், இரண்டாம் தெரிவில் ஒரு ரூபாயும் செலுத்தவேண்டும்; மூன்றாம் தெரிவில் ஒன்றும் வேண்டா. தொகை சிறிது. ஆயினும், கிராம நூலகத்தில் நியாயமற்ற ஒரு ரூபாய்க் கட்டணம் ஒரு வாசகரை வாசலுக்கு வராமலே செய்துவிடக்கூடும்.

இம்மூன்றில் எது பிழை? எதுவும் பிழையன்று. ‘அடுத்த நாள் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வோம்’ என்று நூலகர் உறுதி செய்திருந்தால், இரண்டாம் தெரிவே அந்நூலகத்திற்குரியது. மற்றவை அமைப்பைத் தவறாகத் தெரிந்ததன் விளைவு. அவர் கூற்று எழுத்தில் இல்லையாயின், மாணவரால் எதையும் சரியென்றோ தவறென்றோ கூற இயலாது.

நாட்களைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். தவணைக்கு முந்திய நாள், தவணை நாள், அதற்கடுத்த நாள் ஆகிய மூன்றிலும் திருப்புதலைச் சோதித்தல் வேண்டும். பிழை நிகழ்வது பெரும்பாலும் இவ்வெல்லைகளில்தான். பத்து நாள் கழித்துத் திருப்பும் கடனைச் சோதிப்பதால் புதிதாக எதுவும் தெரியவராது.

ஆறாம் அத்தியாயம்: குறைகளைப் பகுத்தல்

எதிர்பார்த்ததும் கிடைத்ததும் வேறுபட்டவுடன் ‘மென்பொருட் குறை’ என்று எழுதிவிடுதல் மாணவரிடையே பரவலான பழக்கம். வேறுபாட்டுக்குக் காரணம் நான்கு இடங்களில் இருக்கலாம். எதில் என்று பகுத்துச் சொல்வதே இவ்வத்தியாயத்தின் பணி.

முதலாவது, சோதனையின் குறை. புதிய பதிவு ஒன்றை ஏற்றியதும் அது தேடலுக்கு உடனே கிட்டுவதில்லை. அட்டவணைப்படுத்தும் பணி பின்னணியில் சற்றுப் பிந்தி நிகழும். ஏற்றிய கணமே தேடி, ‘வரவில்லை’ என்று குறித்தவர் மென்பொருளை அன்று, தம் பொறுமையையே சோதித்தவராவார். சிறிது நேரங்கழித்து அதே தேடலை மீண்டும் செய்தால் இக்குறை விலகும். விலகினால் காரணம் இதுவே. இரண்டாவது, பதிவின் குறை. ‘ஔ’ என்னும் எழுத்தை ஒருவர் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டியிருக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் அது வேறு சொல். அப்பதிவைத் திருத்தியதும் நூல் அகப்பட்டால், குறை பதிவில் இருந்தது என்பது தெளிவு. மூன்றாவது, அமைப்பின் குறை. தவணை நாட் சான்றும், ஐ.சி.யு. வழியை இயக்காமல் விட்டதும் இவ்வகையின. அமைப்பை மாற்றி, அட்டவணையைப் புதுக்கியதும் சரியானால் இதில் சேர்க்கலாம். இம்மூன்றையும் விலக்கிய பின்னரும் நிற்பதே நான்காவதாகிய மென்பொருளின் குறை.

இவ்வரிசையை மாற்றலாகாது. எளிதில் விலக்கக்கூடிய காரணத்திலிருந்து தொடங்கினால்தான், கடைசியில் நிற்கும் கூற்றில் உறுதி பிறக்கும். இவ்வாறு பகுத்த குறை ஒன்றை அறிக்கையில் எழுதும் முறை பின்வருமாறு அமையலாம்:

```
சோதனை எண்      : தே-07
நோக்கம்        : பழைய சில்லு வடிவில் உள்ள நூற்பெயரைப்
                 புதிய வடிவில் தேடுதல்
பதிவில் உள்ளது   : U+0D28 U+0D4D U+200D என முடியும் சொல்
தேடியது        : U+0D7B என முடியும் அதே சொல்
எதிர்பார்த்தது    : 1 நூல்
கிடைத்தது       : 0 நூல்
மறுசோதனை      : சிறிது நேரங்கழித்தும், அட்டவணையைப்
                 புதுக்கியபின்னும் 0
வகை           : அமைப்பு (மாற்று விதி இல்லை)
```

ஈண்டுக் காட்டிய முடிவு வடிவத்தை விளக்குதற் பொருட்டே. உண்மையில் எது கிடைக்கும் என்பது பதிப்பையும் அமைப்பையும் பொறுத்தது. அதனை மாணவர் தம் கணிப்பொறியிற் கண்டு எழுதவேண்டும். ‘கிடைத்தது’ என்னும் வரியை ஆய்வுக்கு முன்னரே நிரப்பி வைத்த அறிக்கைகளும் இல்லாமலில்லை. குறிப்பு நோட்டின் தேதிகளையும் மென்பொருளின் பதிவுக் கோப்பில் உள்ள தேதிகளையும் ஒப்புநோக்கினால் ஆசிரியர் இதனை எளிதில் அறியலாம்.

ஏழாம் அத்தியாயம்: எல்லைகள்

இது சுருக்கமாக இருக்கலாம். சோதித்த பதிவுகள் எத்தனை, அவை எவ்வாறு தெரியப்பட்டன, எவை சோதிக்கப்படவில்லை என்பவற்றை மாணவர் தயக்கமின்றி எழுதவேண்டும். அறுபது பதிவுகளில் தேடல் விரைவாக இருந்தது என்பதைக் கொண்டு, ஆயிரக்கணக்கான பதிவுகளிலும் அவ்வாறே இருக்கும் என்று கூற இடமில்லை. ஒருவர் மட்டும் பயன்படுத்திய சோதனையிலிருந்து, மூன்று மேசைகளில் ஒரே நேரத்தில் கடன் வழங்கும்போது என்னவாகும் என்பதும் தெரியாது. ஆசிரியர் பெயர்த் தேடல் தனியே நின்றுவிட்ட ஒரு பொருள்: தகழியின் பெயர் மலையாள எழுத்தில் உள்ள பதிவையும் தமிழ் எழுத்தில் உள்ள பதிவையும் ஒரே தேடலில் கொணர வேண்டுமாயின், அவ்விரு வடிவங்களையும் இணைக்கும் பெயர்ப்பதிவு ஒன்றை நூலகர் உருவாக்கியிருத்தல் வேண்டும். எழுத்து இயல்பாக்கத்தால் இஃது ஆகாது. அடுத்த ஆண்டு மாணவர் ஒருவர் இதனையே தம் ஆய்வின் கேள்வியாகக் கொள்ளலாம்.

பின்னிணைப்பில் நூலகரின் விதித்தாள், சோதனைக்குரிய சொற்பட்டியல் குறியீட்டெண்களுடன், சோதனைக் குறிப்புகள் அனைத்தும், மாற்றிய அமைப்புக் கோப்புகளின் நகல் ஆகியவை இடம்பெறும். திரையின் நகல்கள், குறையைக் காட்டுவனவாயின் மட்டும், நான்கைந்து போதும். அறிக்கையின் ஒரு படியைக் கல்லூரிக்கும், குறைகளின் பட்டியலைத் தனித்தாளாகத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதி நூலகத்திற்கும் தருதல் வேண்டும். நூலகர் அத்தாளிற் காண விரும்புவது தவறிய நூல்களின் சேர்க்கை எண்களை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அன்று மாலையே அப்பதிவுகளைத் திருத்தத் தொடங்கலாம்.